மழையில் நனைந்த கட்டையும் விலகிப் போன குண்டும்

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1966-இல் அமெரிக்க மரீன் படை தன் ஸ்னைப்பர்களுக்கென்று ஒரு புதிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. ரெமிங்டன் நிறுவனம் வேட்டைக்காரர்களுக்காகத் தயாரித்து வந்த 700 என்ற மாடல்தான் அது. படை அதற்கு எம்40 என்று பெயர் வைத்தது. மேலே ஒரு தொலைநோக்கி, கனமான குழல், வால்நட் மரத்தில் கடைந்த அழகான கட்டை. அமெரிக்காவில் குறி பார்த்துச் சரிசெய்து அனுப்பிய அதே துப்பாக்கி, வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் சில வாரம் கிடந்ததும் வேறு துப்பாக்கியாகிவிட்டது. தொலைநோக்கியை யாரும் தொடவில்லை, தோட்டாவும் மாறவில்லை. ஆனால் குண்டு முன்பு விழுந்த இடத்தில் விழவில்லை.

மரம் ஊதியிருந்தது, சில கட்டைகள் முறுக்கியும் போயின. 1970-களில் மரீன் படையின் ஆயுதக் கம்மியர்கள் குவாண்டிகோ பட்டறையில் இந்தத் துப்பாக்கிகளைப் பிரித்து, மக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டைகளில் மறுபடி பொருத்தினார்கள். எம்40ஏ1 என்ற பெயரில் அது வெளிவந்தது. அதன்பின் அந்த வரிசையில் மரக்கட்டை திரும்பி வரவே இல்லை.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ‘மரம் தோற்றது, பிளாஸ்டிக் வென்றது’ என்று முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மரம் எங்கே தோற்றது என்று பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும். என் பார்வையில் குறியைக் கெடுப்பது கட்டையின் பொருள் அல்ல. இரும்பும் கட்டையும் சந்திக்கும் உள்ளங்கையளவு இடம். பொருள் செய்வதெல்லாம், அந்த இடம் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று தீர்மானிப்பதுதான்.

முதலில் துப்பாக்கியின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குண்டு பாய்ந்து போகும் நீண்ட இரும்புக் குழல் ஒன்று. அதன் பின்பக்கம் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்புப் பகுதி; அதை ஆக்‌ஷன் என்பார்கள். இரண்டும் மறையால் இறுக்கி ஒன்றாக்கப்பட்டவை. தோளில் வைத்துக் கையில் பிடிக்கும் பகுதிதான் கட்டை. கட்டையின் மேல்பக்கத்தைக் குடைந்து அந்தக் குழியில் ஆக்‌ஷனை உட்காரவைத்து, அடியிலிருந்து இரண்டு திருகுகளால் இழுத்துப் பிடித்திருப்பார்கள். சில வகைகளில் மூன்று திருகு இருக்கும். சுடும்போது இரும்பு பின்னோக்கி உதைக்கும். அந்த உதையைக் கட்டைக்குக் கடத்த, ஆக்‌ஷனின் முன்பக்க அடியில் ஒரு தடித்த இரும்புப் பல் துருத்திக்கொண்டிருக்கும். ரீகாயில் லக் என்பது அதன் பெயர். கட்டைக்குள் வெட்டிய பள்ளத்தில் அது பின்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும்.

சுட்ட கணத்தில் குழல் அசையாமல் நிற்பதில்லை, அதிர்கிறது, வளைகிறது. நொடிக்கு ஏறத்தாழ 850 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு குழலுக்குள் இருப்பது ஆயிரத்தில் ஒரு நொடியைவிடச் சற்றே கூடுதலான நேரம். அதற்குள் குழல்முனை எந்தத் திசையில் திரும்பியிருக்கிறதோ அங்கேதான் குண்டு போகும். அதிர்வைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர வைக்க முடியும். அதற்கு ஆக்‌ஷன் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அதே இடத்தில், அதே இறுக்கத்தில் வந்து உட்கார வேண்டும். குழலை எதுவும் இன்றைக்கு ஒரு விதமாகவும் நாளைக்கு வேறு விதமாகவும் தள்ளக் கூடாது. 60 செ.மீ. நீளக் குழலின் முனையைப் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தள்ளினாலே போதும். 100 மீட்டர் தொலைவில் குண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் விலகும். 300 மீட்டரில் அது ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும்.

இனி மரத்துக்கு வருவோம். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். பங்குனியில் அதே கதவு லொடலொடவென்று ஆடும். எவ்வளவு காய்ந்த மரமானாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திருப்பியும் விடும். நெடுக்குவாட்டில் அது நீள்வதும் குறுகுவதும் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. குறுக்குவாட்டில்தான் வீங்குகிறது. பச்சை மரம் முற்றிலும் காயும்போது அமெரிக்கக் கறுப்பு வால்நட் வளையங்களின் ஓட்டத்தில் 7.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் 5.5 விழுக்காடும் சுருங்கும். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட்டை விரும்புவதற்குக் காரணமே அது மற்ற கடின மரங்களோடு ஒப்பிட்டால் ஒழுக்கமாக நடந்துகொள்வதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரப்பதம் 30 விழுக்காடு உள்ள வறண்ட அறையில் மரத்தின் எடையில் சுமார் 6 விழுக்காடு நீர் இருக்கும். ஈரப்பதம் 65-க்கு ஏறினால், சில வாரங்களில் மரம் 12 விழுக்காட்டில் போய் நிற்கும். ஆக்‌ஷனுக்கும் கட்டையின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையில் 25 மி.மீ. மரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த மாற்றத்தில் அது 0.3 முதல் 0.4 மி.மீ. வரை தடிக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ரெமிங்டன் 700-இன் கட்டைத் திருகை ஒரு முழுச்சுற்று சுற்றினால் அது நகரும் தூரம் 0.9 மி.மீ. அப்படியென்றால் யாரும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காமலே, வானிலை அந்தத் திருகை மூன்றில் ஒரு சுற்றோ அதற்குச் சற்று மேலோ முடுக்கிவிட்டது.

கெடுதல் முடுக்குவதோடு நிற்பதில்லை. வீங்கும் மரத்துக்கு மேலேயும் கீழேயும் இரும்பு. போக இடமில்லாததால் இரும்பு தொடும் இடத்தில் மரத்தின் நார்கள் நசுங்குகின்றன. மழைக்காலம் முடிந்து மரம் காயும்போது, நசுங்கிய நார் எழுந்து நிற்காது. இப்போது திருகு தளர்வாக இருக்கும். சுடும்போது ஆக்‌ஷன் மயிரிழை நகர்ந்து, ஒரு சூட்டுக்கு இந்த மூலையிலும் அடுத்த சூட்டுக்கு அந்த மூலையிலும் போய் உட்காரும். இலக்குத் தாளில் இது எப்படித் தெரியும்? ஐந்து குண்டுகளில் மூன்று ஓரிடத்தில் கொத்தாகவும், இரண்டு சற்றுத் தள்ளி வேறொரு கொத்தாகவும் விழும். சுடுபவர் தன் கையைச் சந்தேகிப்பார், பிறகு தோட்டாவை, பிறகு தொலைநோக்கியை. திருகை அவர் சந்தேகிப்பது கடைசியில்தான்.

குழலை ஒட்டி முன்னால் நீளும் கட்டைப் பகுதியின் கதை வேறு. அதன் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் ஈரம். அல்லது உள்ளே பூச்சு இல்லை, வெளியே பூச்சு இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக வீங்காததால் அது வளையும். வளைந்த கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தத் தொடங்கும். எம்40-களின் குறி நகர்ந்ததற்கு இவை இரண்டும் போதுமான காரணங்கள்.

பழைய ஆயுதப் பட்டறைக்காரர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. நம் காவல் நிலையங்களில் நெடுங்காலம் சுவரோரம் நின்ற .303 லீ-என்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முன்திருகு போகும் துளைக்குள் ஒரு சின்ன இரும்பு வளையக் குழாய் உண்டு. திருகை எவ்வளவு முடுக்கினாலும், மேலும் கீழும் உள்ள இரும்புகள் அந்தக் குழாயில் முட்டி நிற்கும். மரத்தை அதற்குமேல் நசுக்க முடியாது. ஜெர்மானிய மௌசரின் பின்திருகிலும் இதே ஏற்பாடு. இன்றைக்கு ‘பில்லர் பெட்டிங்’ என்று தனிக் கட்டணம் வாங்கிச் செய்துதரும் வேலையின் மூலம் இதுதான். பழைய துப்பாக்கியைப் பிரித்து மாட்டும்போது இந்தக் குழாய் கீழே விழுந்து தொலைந்துபோவது சர்வசாதாரணம். தொலைத்தவர் ஒருவர், குறி தவறுவதற்குத் திட்டு வாங்குபவர் வேறொருவர்.

லீ-என்ஃபீல்டில் பின்னுதைப்பை வாங்குவது மரத்தின் உட்புறத்தில் இருக்கும் இரண்டு சிறு முகப்புகள் மட்டுமே. எண்ணெய் ஊறி மரம் மென்மையாகிவிட்டாலோ, காய்ந்து சுருங்கிவிட்டாலோ, அங்கே இடைவெளி விழும். பிறகு ஒவ்வொரு சூடும் ஒரு சுத்தியலடி. முன்கட்டை பின்முனையிலிருந்து பிளக்கத் தொடங்கும். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உள்ளூர்க் கோச்வுட் மரத்துக்கு மாறியபோது, இந்த முகப்புகளில் செம்புத் தகடுகளைப் பதித்தது. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை தன் துப்பாக்கிகளின் முன்கட்டையில் குறுக்குவாட்டில் ஒரு திருகைச் செலுத்தி, பிளவுபடாமல் கட்டிப்போட்டது. துப்பாக்கி சேகரிப்பவர்கள் இன்றும் ‘இஷாப்பூர் ஸ்க்ரூ’ என்று அதைக் காட்டி, இந்தியத் தயாரிப்பை அடையாளம் சொல்வார்கள். நம் பருவமழைக்கு நம்மவர்கள் எழுதிய பதில் அந்த ஒற்றைத் திருகு.

லீ-என்ஃபீல்டில் கட்டை குழலின் முனைவரை போகிறது. முனையருகே குழலை வேண்டுமென்றே சற்று மேல்நோக்கித் தாங்கவும் செய்கிறது. சரியாகத் தாங்கினால் நன்றாகவே சுடும். மரம் அசைந்தால் அந்தத் தாங்கலும் மாறும் என்பதுதான் சிக்கல். அதனால் பிற்காலத்தவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஆக்‌ஷனை மட்டும் இறுகப் பிடித்துக்கொள், குழலை எதுவும் தொடாமல் விட்டுவிடு என்றார்கள். ‘ஃப்ரீ ஃப்ளோட்’ என்ற இந்த முறையில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி இருக்கும். மடித்த ரூபாய்த் தாளை அடியில் நுழைத்து முன்முனையிலிருந்து ஆக்‌ஷன்வரை தடையின்றி இழுக்க முடிகிறதா என்பது பழக்கத்தில் உள்ள சோதனை. மரக்கட்டையானால் ஒரு தாளின் தடிமன் போதாது. மரம் அசைய இடம் கொடுத்து, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டராவது விடுவது நல்லது.

பெட்டிங் என்பது ஆக்‌ஷன் உட்காரும் குழியைச் சீர்செய்யும் வேலை. தொழிற்சாலையில் இயந்திரம் வெட்டிய குழிக்கும் அதில் உட்காரும் இரும்புக்கும் ஒருபோதும் முழுப் பொருத்தம் இருக்காது; இரும்பு மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் தொட்டு நிற்கும். திருகை முடுக்கினால் ஆக்‌ஷனே அந்தப் புள்ளிகளுக்கேற்ப வில்லாக வளையும். ஆகவே குழியில் சில மில்லிமீட்டர் மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரும்புத்தூளோ கண்ணாடியிழையோ கலந்த எபாக்ஸிப் பசையை நிரப்பி, ஆக்‌ஷனை அதன்மேல் வைத்து இறுகவிடுகிறார்கள். பசை இரும்பின் அச்சாகவே மாறிவிடுகிறது.

சொல்லும்போது எளிதாக இருக்கும் இந்த வேலை கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. இரும்பின்மேல் முதலில் மெழுகோ ஷூ பாலிஷோ விடுபடாமல் பூச வேண்டும். விடுபட்ட இடத்தில் பசை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆக்‌ஷனில் உள்ள ஓட்டைகளையும் பள்ளங்களையும் களிமண் போன்ற பிளாஸ்டிசினால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை உள்ளே புகுந்து இறுகி, இரும்பைக் கட்டையிலிருந்து கழற்றவே முடியாமல் பூட்டிக்கொள்ளும். ரீகாயில் லக்கின் முன்புறம், அடிப்புறம், இரு பக்கங்கள் ஆகியவற்றில் டேப் ஒட்டுவார்கள். பசை இறுகியபின் டேப்பை உரித்தால் அங்கெல்லாம் மெல்லிய இடைவெளி கிடைக்கும். பின்முகம் மட்டும் முழுதாக ஒட்டி நிற்கும். முக்கியமான இன்னொன்று: பசை இறுகும்போது திருகுகளை முடுக்கக் கூடாது, அவை இரும்பை நேராக நிறுத்தும் அளவுக்குப் பிடித்திருந்தால் போதும். முடுக்கினால் வளைந்த நிலையிலேயே அச்சு எடுத்ததாகிவிடும். ஒரு முழுநாளாவது அதைத் தொடாமல் வைக்க வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பதால், இந்த வேலையையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் கொடுப்பதுதான் முறை.

வேலை சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டை முனையில் ஒரு டயல் இண்டிகேட்டரைப் பொருத்தி, அதன் ஊசியைக் குழலில் தொடவிட்டு, முன்திருகை மெல்லத் தளர்த்துவார்கள். குழல் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் ஆக்‌ஷன் வளைந்த நிலையில் பிடிபட்டிருந்தது என்று பொருள். கருவி இல்லாதவர்கள் குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரலை வைத்தே அந்த அசைவை உணர்வதுண்டு.

இப்போது செயற்கைக் கட்டைக்கு வரலாம். இந்தப் பெயரில் கடையில் விற்பவை ஒரே பொருள் அல்ல. அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ளதைவிடப் பெரிது. விலை மலிந்த துப்பாக்கிகளோடு வருவது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். பெரும்பாலும் கண்ணாடியிழை கலந்த நைலான். மழையில் முறுக்காது என்பது நிஜம். நைலானும் கொஞ்சம் ஈரம் குடிக்கும் என்பதைப் பெட்டியில் அச்சிட மாட்டார்கள், ஆனாலும் அது பெரிய குறையில்லை. பெரிய குறை நெகிழ்வு. முன்கட்டையைக் கையால் பிழிந்தால் குழலைத் தொட்டுவிடும். முன்னங்கால் தாங்கி மாட்டிப் படுத்துச் சுடும்போதும், தோல்வாரை இழுத்துப் பிடிக்கும்போதும் அதேதான் நடக்கும். ஃப்ரீ ஃப்ளோட் என்று எழுதி விற்ற துப்பாக்கியில் குழல் மிதக்காமல் போய்விடும். அதோடு இந்தப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி எளிதில் ஒட்டாது, அதனால் பெட்டிங் செய்து திருத்துவதும் கடினம். கடுங்குளிரில் சில பிளாஸ்டிக்குகள் நொறுங்கும் தன்மை பெறுகின்றன. 1999 கார்கில் போரில் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டிகள் வெடிப்பு விட்டதாக எழுந்த புகார் கட்டையைப் பற்றியது இல்லை என்றாலும், ‘பிளாஸ்டிக் என்றால் எதையும் தாங்கும்’ என்ற நம்பிக்கைக்கு அது ஓர் எச்சரிக்கை.

மரீன்கள் எடுத்துக்கொண்டது வேறு ஜாதி. கண்ணாடியிழைத் துணியை அச்சுக்குள் அடுக்கடுக்காகக் கையால் பரப்பி, பிசின் ஊற்றி இறுக்கிய கட்டை அது. விறைப்பானது, ஈரத்துக்கு அசையாதது, எபாக்ஸியும் நன்றாக ஒட்டும். ஆனாலும் அவர்கள் இரும்பை வெறுமனே அதில் வைத்து முடுக்கிவிடவில்லை. எம்40ஏ1-இலும் பெட்டிங் செய்தார்கள். பொருள் மாறியதால் அந்த வேலை மிச்சமாகவில்லை, செய்த வேலை கலையாமல் நின்றது. அமெரிக்கத் தரைப்படை 1988-இல் ஏற்ற எம்24 இன்னொரு வழியில் போனது. செயற்கை இழைக் கட்டைக்கு உள்ளேயே ஓர் அலுமினியத் தாங்கியைப் பதித்து, ஆக்‌ஷனை உலோகத்தின்மேல் உலோகமாக உட்காரவைத்தது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. மெல்லிய மரத் தகடுகளைப் பசையால் அடுக்கி அழுத்திய லாமினேட் கட்டை. ஜெர்மானியர்கள் 1930-களின் பிற்பகுதியிலிருந்தே மௌசர் துப்பாக்கிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். ஒரு தகடு ஒரு பக்கம் வளையப் பார்த்தால் அடுத்தது விடாது, நடுவில் பசை ஈரத்தையும் தடுக்கும். எடைதான் கூடுதல். வேட்டைக்குத் தோளில் சுமந்து நடக்காமல், பயிற்சித் திடலில் சுடுபவருக்கு அந்த எடை உதவியாகவே இருக்கும்.

மரக்கட்டையே வைத்திருப்பவர் மழைக்கு என்ன செய்ய வேண்டும்? வெளியே பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு உள்ளே அப்படியே விடுவதுதான் பலர் செய்வது. நீர் நுழைவது குழியின் உட்புறத்திலும், திருகுத் துளையிலும், பின்புற ரப்பர் மெத்தையின் அடியில் மறைந்திருக்கும் வெட்டுமுகத்திலும்தான். நாரின் முனை திறந்திருக்கும் வெட்டுமுகம் பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். ஆளிவிதை எண்ணெய் தடவினால் மரம் அழகாகும், நீர்த்துளி உருளும்; காற்றின் ஈரத்தை அது தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. பாலியூரித்தேனையோ மெல்லிய எபாக்ஸியையோ உட்புறமெல்லாம் பூசினால்தான் அடைப்பு. நனைந்து வந்த துப்பாக்கியை அடுப்புப் பக்கம் வைத்து உலர்த்துவது எல்லாவற்றிலும் மோசம். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கி, உள்ளே ஈரம் நின்று, கட்டை வெடிக்கும். இரும்பைக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டு, கட்டையை நிழலில் காற்றாட வைக்க வேண்டும். செயற்கைக் கட்டைக்காரர்களுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. உங்கள் கட்டை துருப்பிடிக்காது, அதற்குள் தேங்கிய நீரில் உங்கள் ஆக்‌ஷன் பிடிக்கும்.

திருகை முடுக்குவதிலும் பொருளுக்கேற்ற கணக்கு இருக்கிறது. தூண்குழாய் இல்லாத மரத்துக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டருக்குமேல் போவது நாரை நசுக்கும். உலோகத் தூணோ அலுமினியத் தாங்கியோ உள்ள கட்டை 7 வரை தாங்கும். எந்த அளவாக இருந்தாலும் அளவுமானியால் முடுக்கி, அதைக் குறித்து வைத்து, பருவம் மாறும்போது ஒருமுறை சோதிப்பவரின் துப்பாக்கி, கைக்கணக்கில் முடுக்குபவருடையதைவிட நம்பகமாக இருக்கும்.

எனவே, தாத்தா விட்டுப்போன வால்நட் கட்டைத் துப்பாக்கி ஒன்று வீட்டில் உரிமத்தோடு இருந்தால், மழைக்குப் பயந்து அதை மலிவான பிளாஸ்டிக்கில் மாற்றாதீர்கள். உலோகத் தூண் வைத்து, எபாக்ஸி பெட்டிங் செய்து, உட்புறத்தைப் பூசி அடைத்தால் அது அந்தப் பிளாஸ்டிக்கைவிட நன்றாகச் சுடும். புதிதாக வாங்குபவர், அதுவும் மலைக்காட்டிலோ கடற்கரையிலோ வசிப்பவர், கையால் அடுக்கிய கண்ணாடியிழைக் கட்டைக்கோ லாமினேட்டுக்கோ பணம் கொடுக்கலாம். கடையில் முன்கட்டையையும் குழலையும் ஒரே கையால் சேர்த்துப் பிழிந்து பாருங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.